தொட்டிக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல்

துவைப்பதற்கு முன்னால் வெள்ளைத் துணியை ஒரு பக்கமும் வர்ணத் துணியை ஒரு பக்கமும் பிரித்துப் போடும் வழக்கம், சலவை இயந்திரம் நம் வீடுகளுக்குள் நுழைவதற்கு வெகு காலம் முன்பிருந்தே இருந்துவருகிறது. வெள்ளை வேஷ்டியில் சிவப்புச் சாயம் ஏறிவிடக் கூடாதே என்ற அச்சந்தான் இதற்கெல்லாம் காரணம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் தொட்டித் தண்ணீருக்குள் நடக்கும் விவகாரங்களில் சாயம் ஒன்றுதான், அதுவும் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடுவதால் பெயர் வாங்கிக்கொண்ட ஒன்று. பலவகைத் துணிகள் ஒரே நீரில் மூழ்கிய கணம் முதல், அவை சுமந்துவந்த சாயமும் மண்ணும் எண்ணெயும் பஞ்சுத் துகளும் பொதுச் சொத்தாகிவிடுகின்றன. ஒவ்வொரு துணியும் தன் சுபாவத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொடுக்கிறது, தன் சுபாவத்துக்கு ஏற்பக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. ஆகவே துணி பிரிப்பவர் கையிலெடுக்கும் ஒவ்வொரு உருப்படியிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: நீ எதைத் தாங்குவாய், எதைக் கொடுப்பாய், எதை வாங்கிக்கொள்வாய்?

இந்தக் கேள்விகளை நம் ஊர் வண்ணார்கள் தொழிலின் அங்கமாகவே வைத்திருந்தார்கள். பல வீட்டுத் துணிகளும் அவர்களிடத்தில் ஒன்றாகத்தான் கலந்து கிடக்கும்; எது யாருடையது என்பதற்குச் சேங்கொட்டையின் சாற்றால் ஓரத்தில் இட்ட கறுப்புக் குறி ஒன்றே அடையாளம், அந்தக் குறியோ எத்தனை சலவைக்கும் அழியாது. உடைமையைக் குறி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டு, சலவைக்காகப் பிரிக்கும்போது துணியின் இயல்பை மட்டுமே அவர்கள் கவனித்தார்கள். உவர்மண் கரைத்த நீரில் தோய்த்து, பெரும் பானையின் மேல் அடுக்கி, கீழே தீ மூட்டி இரவெல்லாம் ஆவியில் வேகவைக்கும் வெள்ளாவிக்கு வெள்ளைப் பருத்தித் துணி மட்டுமே போகும். சாயத் துணியும் பட்டும் அந்தப் பக்கமே அண்டுவதில்லை. உவர்மண்ணில் இருப்பது பெரும்பாலும் சோடா உப்பு. காரமும் கொதியாவியும் சேர்ந்த அந்த அவஸ்தையைப் பருத்தி தாங்கும், பட்டு தாங்காது என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த உண்மை. அதன் காரணத்தை இரசாயன சாஸ்திரம் பிற்பாடுதான் விளக்கிற்று.

அந்தக் காரணத்திலிருந்தே தொடங்குவோம். பருத்தி நூல் என்பது செல்லுலோஸ் என்னும் தாவரப் பதார்த்தம். பட்டும் கம்பளியும் மிருக ஜாதியைச் சேர்ந்தவை. நம் தலைமுடியையும் நகத்தையும் போலப் புரதத்தால் ஆனவை. காரம் செல்லுலோஸை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. புரதச் சங்கிலியையோ அது மெல்ல மெல்ல அறுத்துவிடுகிறது. சாதாரணச் சலவைத்தூளைக் கரைத்த நீர் நல்ல காரமுள்ளது. போதாக்குறைக்கு, இரத்தம், பால், வேர்வை போன்ற புரதக் கறைகளைச் சிதைப்பதற்கென்று இக்காலத்துத் தூள்களில் நொதிகளையும் சேர்க்கிறார்கள். 1913-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ஒட்டோ ரோம் மிருகங்களின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு தொடங்கிவைத்த இந்த முறை, 1960-களில் நுண்ணுயிர்களிடமிருந்து நொதியைப் பெறக் கற்ற பிறகு உலகெங்கும் பரவிற்று. கறையிலுள்ள புரதம் எது, புடவையாகிய புரதம் எது என்று பிரித்தறியும் விவேகம் நொதிக்குக் கிடையாது. பட்டுப் புடவையை அந்தத் தூளில் ஊறவைப்பவர் கறையோடு சேர்த்துப் பட்டின் பளபளப்பையும் கரைய விடுகிறார். வெளுப்பதற்கு உபயோகிக்கும் குளோரின் திரவத்தில் பட்டு நூலையோ கம்பளி நூலையோ போட்டுவைத்தால், நூல் கண் முன்னாலேயே கரைந்து காணாமற் போய்விடும்.

கம்பளிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அதன் இழையின் மேற்புறத்தில் ஒரே திசையை நோக்கிப் படிந்த நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. வெந்நீரில் நனைந்து புரட்டப்படும்போது ஒவ்வொரு இழையும் முன்னால் நகரும், ஆனால் செதில் தடுப்பதால் பின்னால் திரும்பாது. அப்படி இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து இறுகி, பெரியவர் அணிந்த சட்டை குழந்தைக்குப் பொருந்தும் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இந்தச் சுருக்கத்துக்குப் பரிகாரம் கிடையாது.

பரிகாரம் உண்டா இல்லையா என்பதுதான் பிரிக்கும் வரிசையையும் நிச்சயிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். துணியின் இழை கெட்டால் அது மீளாது. ஆகவே முதற்பிரிவு இழையைப் பற்றியது. சாயம் ஏறினால் சில வேளை மீட்கலாம், பல வேளை மீட்க முடியாது. ஆகவே இரண்டாவது பிரிவு சாயத்தைப் பற்றியது. அழுக்கு இடம் மாறினால் அந்தத் தீமை மெதுவாகச் சேர்கிறது, மெதுவாகவே போக்கவும் படுகிறது. ஆகவே அது மூன்றாவது. வர்ணத்தை முதலில் வைத்துப் பிரிக்கிறவர் வெள்ளைப் பட்டு அங்கவஸ்திரத்தை வெள்ளை வேஷ்டிகளோடு சேர்த்துவிடுவார். வர்ணத்தில் பிழையில்லை, வரிசையில்தான் பிழை.

இனிச் சாயத்தின் சமாசாரத்துக்கு வருவோம். சாயம் போகும், சாயம் போகாது என்று நாம் துணியைக் குறித்துச் சொல்வதெல்லாம் உண்மையில் சாயத்துக்கும் இழைக்கும் உள்ள பந்தத்தைக் குறித்ததாகும். அந்தப் பந்தம் பருத்தியில் முக்கியமாக மூன்று விதம். முதல் விதத்தில், நீரில் கரையும் சாயம் இழைக்குள் புகுந்து, பலவீனமான ஆகர்ஷணத்தால் மட்டுமே அதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை தண்ணீர் கண்டவுடன், அதிலும் வெந்நீர் கண்டவுடன், அதில் ஒரு பகுதி வெளியே வந்துவிடும். இரண்டாவது, அவுரி நீலத்தின் விதம்: சாயத்தை இரசாயன முறையில் தற்காலிகமாகக் கரையச் செய்து, நூலில் ஏற்றி, காற்றுப் பட விட்டால், அது மறுபடியும் கரையாப் பொருளாகி நூலிலேயே சிறைப்பட்டுவிடுகிறது. நீல ஜீன்ஸ் துணியில் இந்தச் சாயம் நூலின் மேல்வட்டத்தில் மட்டும் படிந்திருப்பதால், அது கரைந்து போவதைவிட உராய்ந்து துகளாகப் போவதே அதிகம். மூன்றாவது விதத்தில் சாயம் செல்லுலோஸுடன் இரசாயனச் சேர்க்கையே செய்துகொண்டு அதன் உறுப்பாகிவிடுகிறது. 1956-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி இவ்வகைச் சாயங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மூன்றாவது வகைச் சாயம் தோய்த்த துணி சாயம் விடவே கூடாதல்லவா என்று கேட்கலாம். சேர்க்கை கூடிய சாயம் விடுவதில்லை என்பது மெய்தான். ஆனால் சாயத்தொட்டியிலேயே ஒரு பகுதிச் சாயம் பருத்தியோடு சேர்வதற்குப் பதிலாகத் தண்ணீரோடு சேர்ந்து தன் சக்தியை இழந்துவிடுகிறது. அப்படி இழந்த சாயமும் துணிக்குள்தான் தங்கியிருக்கிறது, பந்தமில்லாமல் சும்மா ஒட்டிக்கொண்டு. சாயப்பட்டறையில் அதைப் பலமுறை வெந்நீரில் அலசி நீக்க வேண்டும். அலசலில் சிக்கனம் பிடித்த துணி, அந்த மிச்சத்தை வாங்கியவர் வீட்டுத் தொட்டியில் இறக்குகிறது. கருஞ்சிவப்பு, கருநீலம், கறுப்பு போன்ற அடர்ந்த நிறங்களுக்குச் சாயம் மிகுதியாகச் செலவாவதால் மிச்சமும் மிகுதி. புதிய அடர்நிறப் பருத்தித் துணி முதல் சில சலவைகளில் தண்ணீரைச் சிவக்கச் செய்து, பிறகு அடங்கிவிடுவதற்கு இதுவே காரணம். மதுரைச் சுங்குடிப் புடவை வாங்கியவர்களுக்கு இது பழகிய அனுபவம். கட்டம் போட்ட மெட்ராஸ் கைத்தறித் துணியோ இந்தக் குணத்தாலேயே கடல் கடந்து பெயர் பெற்றது: 1960-களில் அமெரிக்கக் கடைகள் அதைச் ‘சாயம் கசியும் மெட்ராஸ்’ என்றே விளம்பரம் செய்து, ஒவ்வொரு சலவைக்கும் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்குவதையே அதன் அழகாகச் சொல்லி விற்றன.

புதுத் துணியைக் கல்லுப்புக் கரைத்த நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது நம் வீடுகளில் பலருக்குள்ள நம்பிக்கை. இதில் பாதி உண்மை இருக்கிறது. நீரில் நனைந்த பருத்தியும், கரைந்த சாயமும் இரண்டுமே எதிர்மின்சாரம் தாங்கியவையாகையால் ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பு அந்த விலக்கத்தைத் தணித்து, சாயம் நீரைவிட்டு நூலை நாடும்படி செய்கிறது. சாயப்பட்டறையில் மூட்டை மூட்டையாக உப்புப் போடுவதும் இதற்காகத்தான். ஆகையால் உப்புத் தண்ணீரில் ஊறும் வரையில் துணி சாயம் விடாமலிருப்பது வாஸ்தவம். ஆனால் உப்பு நூலில் நிரந்தரமான முடிச்சு எதையும் போடுவதில்லை. உப்பில்லாத நீரில் அடுத்த முறை முக்கும்போது விலக்கம் திரும்பிவிடுகிறது, சாயமும் இறங்கிவிடுகிறது. மிச்சச் சாயத்தை உள்ளேயே வைத்துப் பூட்டுவதைவிட, முதல் இரண்டு மூன்று தடவை அந்தத் துணியைத் தனியாக, நிறையத் தண்ணீரில், நீர் தெளியும் வரை அலசிப் போக்கிவிடுவதே சரியான வழி.

கொடுப்பவரைப் பார்த்தோம், வாங்குபவர் யார்? இதை அறிவதற்குத் துணிப் பரிசோதனைச் சாலைகளில் ஓர் அழகான உபாயம் வைத்திருக்கிறார்கள். அசிட்டேட், பருத்தி, நைலான், பாலியெஸ்டர், அக்ரிலிக், கம்பளி என்னும் ஆறு வகை வெள்ளை நூல்களைப் பட்டை பட்டையாக அடுத்தடுத்து நெய்த ஒரு சிறு துண்டு அது. சோதிக்க வேண்டிய வர்ணத் துணியோடு அதைத் தைத்து, குறிப்பிட்ட உஷ்ணமுள்ள சோப்பு நீரில் சுழற்றி எடுத்து உலர்த்திப் பார்த்தால், ஒரே நீரில் ஒரே நேரம் கிடந்த ஆறு பட்டைகளும் ஆறு விதமாக நிறம் மாறியிருக்கும். பருத்திக்குரிய சாயமாயின் பருத்திப் பட்டை நன்றாகச் சிவந்திருக்க, பாலியெஸ்டர்ப் பட்டை ஏறக்குறைய வெள்ளையாகவே நிற்கும். பின்னர் சாம்பல் நிறச் சாயைகள் கொண்ட அளவுகோலோடு ஒப்பிட்டு ஒவ்வொரு பட்டைக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறார்கள். 5 என்றால் கறையே ஏறவில்லை, 1 என்றால் மிக மோசம்.

இந்த ஆறு பட்டைத் துண்டு புகட்டும் பாடம் வீட்டுக்கும் பொருந்தும். நீரில் கரையும் பருத்திச் சாயத்துக்கு முதல் இரை வெள்ளைப் பருத்தி. பனியனும் வேஷ்டியும் கைக்குட்டையுமே அதிகம் பலியாகும். நைலானும் கம்பளியும் வேறு சில சாயங்களை ஆவலோடு இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் தண்ணீரையே அண்ட விடாத இழை. அதற்கென்று தனிச் சாயம், கொதிநிலையையும் தாண்டிய உஷ்ணத்தில் ஏற்றப்படுவது. ஆகவே வீட்டுச் சலவையில் பாலியெஸ்டர் வர்ணத் துணி அநேகமாகச் சாயம் கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. வெள்ளைப் பருத்திச் சட்டை ஒன்று இளஞ்சிவப்பாக மாறிவிட்டால், அதன் தையலை உற்று நோக்குங்கள்: தைத்த நூல் பாலியெஸ்டராயிருந்தால், சிவந்த துணியின் நடுவே தையல்வரி மட்டும் வெள்ளைக் கோடாகத் துலங்கும். ஏறியது சாயந்தான், அழுக்கு அன்று என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

சந்தேகமான துணியைத் தொட்டியில் போடுவதற்கு முன் சோதித்துக்கொள்ளவும் வழியுண்டு. புடவையின் உள்மடிப்பையோ சட்டையின் ஓரமடிப்பையோ சோப்பு நீரில் நனைத்து, மேலே ஒரு வெள்ளைப் பருத்திக் கைக்குட்டையை வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் சிறிது நேரம் அழுத்த வேண்டும். கைக்குட்டையில் நிறம் இறங்கினால் அந்தத் துணி தனிக்குளியலுக்கு உரியது. இறங்காவிட்டால் தன்னொத்த வர்ணத் துணிகளோடு அதைச் சேர்க்கலாம். பட்டுக்கும் நைலானுக்கும் இந்தச் சோதனையில் சூட்டைக் குறைத்துக்கொள்வது அவசியம்.

சாயத்தைவிட நுட்பமானது அழுக்கின் விவகாரம். அழுக்கு துணியைவிட்டு நீங்கியதோடு சலவை முடிந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது நீங்கி எங்கே போயிற்று என்பதே கேள்வி. தொட்டி நீரைக் கொட்டும் வரையில் அது நீரில்தான் மிதந்துகொண்டிருக்கிறது. சோப்பு அதைச் சூழ்ந்து தாங்கிப் பிடித்திருக்கும் வரையில் துணியில் திரும்ப ஒட்டாது. ஆனால் சோப்பின் சக்திக்கு எல்லையுண்டு. கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் கடினமாயிருக்கும் ஊர்களில், அதிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் சோப்பின் ஒரு பங்கை முதலிலேயே விழுங்கிவிடுகின்றன. எஞ்சியதை, வயலிலிருந்தோ பட்டறையிலிருந்தோ வந்த ஒரே ஒரு காற்சட்டையின் மண்ணும் மசகெண்ணெயும் தீர்த்துவிடும். அப்பால் தாங்குவாரில்லாத அழுக்கு, அருகில் கிடைத்த துணியில் படிகிறது. அதிகம் அழுக்காகாத துணியே அதை அதிகமாக வாங்கிக்கொள்கிறது. நுரை அடங்கி, நீர் கறுத்து, கையில் வழவழப்பு இல்லாமற் போனால், அந்த நீரில் இனிக் கிடக்கும் துணி அழுக்கை விடுவதற்குப் பதில் பெற்றுக்கொண்டிருக்கிறது என்று அறியலாம்.

இதைத் தடுப்பதற்குச் சலவைத்தூளில் செல்லுலோஸிலிருந்தே செய்த ஒரு பசைப் பொருளைச் சேர்க்கிறார்கள். அது பருத்தி இழையின் மேல் மெல்லிய போர்வையாகப் படர்ந்து, மிதக்கும் அழுக்கை அண்ட விடாமல் தள்ளி நிறுத்துகிறது. ஆனால் தன் இனமாகிய பருத்தியின் மேல் படரும் அந்தப் பசை, பாலியெஸ்டரின் மேல் படருவதில்லை. பாலியெஸ்டரோ தண்ணீரை வெறுப்பது எவ்வளவோ அவ்வளவு எண்ணெயை விரும்புவது. சாயத்துக்குத் தப்பிய அதே இழை எண்ணெய் அழுக்குக்கு எளிதில் அகப்படுகிறது என்பதே இங்கு விசேஷம். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை டெரிகாட்டன் சட்டைகள் சமையலறைப் பிடிதுணியோடும் எண்ணெய் பட்ட தலையணை உறையோடும் மாதக்கணக்கில் துவைக்கப்பட்டு, இன்ன நாளில் கெட்டது என்று சொல்ல முடியாதபடி பழுப்பேறிப் போவதற்குக் காரணம் இதுதான். சாயம் ஏறினால் ஒரே நாளில், பெரும்பாலும் திட்டுத் திட்டாகத் தெரியும். அழுக்கு ஏறினால் ஒரே சீராக, பல வாரங்களில் தெரியும். புதிய சட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலன்றி அந்த மாற்றம் புலப்படாது.

அழுக்கின் அளவைக் கொண்டு பிரிக்கும்போது ஒரு சலுகை உண்டு. அழுக்கு துணி முழுவதும் பரவியிருந்தால்தான் அந்தத் துணி கடும் அழுக்கின் வகுப்பைச் சேர்ந்தது. கழுத்துப்பட்டையிலும் மணிக்கட்டிலும் மட்டும் அழுக்குள்ள சட்டையை, அந்த இடத்தில் மட்டும் சோப்புத் தேய்த்துக் கால்மணி நேரம் வைத்துக் கசக்கிவிட்டால், அது சாதாரண அழுக்கின் வகுப்புக்கு உயர்ந்துவிடும். இரத்தமும் பாலும் முட்டையும் பட்ட இடங்களை முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் அந்தப் புரதம் உறைந்து நூலோடு இறுகிவிடும்.

மஞ்சள் கறையைத் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் வீடுகளில் அது அழுக்கும் சாயமும் ஒருங்கே ஆனது. மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமின், எந்தத் துணையும் வேண்டாமலே பருத்தியில் ஏறக்கூடிய சாயம். குழம்பு சிந்திய வேஷ்டியும், மஞ்சள் தேய்த்துக் குளித்தவர் துவட்டிய துண்டும் உண்மையில் சாயம் தோய்ந்த துணிகளே. சோப்புப் பட்டவுடன் அந்தக் கறை செக்கச் சிவந்துபோவதைக் கண்டு புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்கள் திடுக்கிடுவதுண்டு. காரத்தில் சிவப்பாகவும், காரம் நீங்கினால் மறுபடி மஞ்சளாகவும் மாறுவது குர்க்குமினின் இயல்பு. நன்றாக அலசினால் சிவப்பு மறையும். அதற்கு மெய்யான சத்துரு சூரிய வெளிச்சம். ஈரத்தோடு வெயிலில் விரித்துப் போட்டால், சோப்பு விட்டுவைத்த மஞ்சளை வெயில் சிதைத்துவிடுகிறது. ஆகவே மஞ்சள் பட்ட வெள்ளைத் துணியைத் தனியே கசக்கி, வெயில் காட்டிய பிறகே மற்ற வெள்ளைகளோடு சேர்க்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு திருஷ்டாந்தத்தில் வைத்துப் பார்ப்போம். பொங்கல் முடிந்த மறுநாள் ஐந்து பேர் கொண்ட ஒரு வீட்டில் சேர்ந்த துணிக்குவியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி வேஷ்டிகள் மூன்று, அவற்றில் ஒன்றில் சாம்பார்க் கறை, பிள்ளைகளின் வெள்ளை டெரிகாட்டன் சட்டைகள் ஐந்து, பனியன்கள் நான்கு, வெளிர்நிறக் குளியல் துண்டுகள் மூன்று, பழகிய வர்ணச் சட்டைகளும் நைட்டிகளும் ஏழெட்டு, ஜீன்ஸ் இரண்டு, கறுப்பு டீ-சட்டைகள் மூன்று, சேறு படிந்த காக்கிக் காற்சட்டை ஒன்று, சமையலறைத் துணிகள் ஐந்தாறு, பொங்கலுக்கு வாங்கிய கருஞ்சிவப்புச் சுங்குடிப் புடவை ஒன்று, பட்டுப் புடவை ஒன்று. வீட்டிலிருப்பது 7 கிலோ இயந்திரம்.

முதல் கேள்வி, எதைத் தாங்கும். பட்டுப் புடவை அந்த நிமிஷமே குவியலைவிட்டு வெளியேறுகிறது; வேர்வை உலர நிழலில் காற்றாட விடுவதும், தேவையானால் உலர்சலவைக்குக் கொடுப்பதுமே அதற்குரியவை. இரண்டாவது கேள்வி, எதைக் கொடுக்கும். சுங்குடி புதியது, அடர்நிறம், பருத்தி. மூன்று குற்றமும் ஒருங்கே உள்ளது. அதற்குத் தனி வாளி, குளிர்ந்த நீர், கை அலசல். ஜீன்ஸும் கறுப்பு டீ-சட்டைகளும் ஒரு கூட்டம். சற்றுச் சாயம் விட்டாலும் கறுப்பின் மேல் நீலம் தெரியப்போவதில்லை. துண்டுகளை அந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. துண்டு விடும் பஞ்சுத் துகள் கறுப்பில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது கேள்வி அழுக்கு. காக்கியை வெளியே உதறி, உலர்ந்த சேற்றைத் தட்டி, சமையலறைத் துணிகளோடு சலவை சோடாப் போட்ட வெந்நீரில் வேறு வாளியில் ஊறவைக்க வேண்டும். சாம்பார் வேஷ்டிக்குக் கறை பட்ட இடத்தில் சோப்பு, பிறகு வெயில். அடுத்த சலவையில்தான் அதற்கு இடம்.

இயந்திரத்துக்கு எஞ்சியவை மூன்று கூட்டங்கள். வேஷ்டி இரண்டு, சட்டை ஐந்து, பனியன் நான்கு ஆகிய வெள்ளைகள் ஏறத்தாழ 2 கிலோ. பழகிய வர்ணங்களும் துண்டுகளும் சேர்ந்து 3 கிலோவுக்குச் சற்று மேல். கறுப்பும் ஜீன்ஸும் 2 கிலோ. மொத்தம் 7 கிலோதானே, ஒரே தடவையில் போட்டுவிடலாமே என்று கணக்குப் பார்க்கிறவர்தான் இந்தக் கட்டுரையின் எதிர்க்கட்சிக்காரர். இயந்திரத்தில் எழுதியிருக்கும் 7 கிலோ சாதாரணமாகப் பருத்தித் துணிக்குரிய உச்ச எல்லை. கலப்பிழைத் துணிக்கு அதில் பாதி அளவே தகும். மேலும் நனைந்த ஜீன்ஸின் பாரமும் அதன் உலோகப் பல்லும் மெல்லிய டெரிகாட்டன் சட்டையை முறுக்கிக் கசக்குவதற்கு எந்தச் சலவைத்தூளிலும் மருந்து கிடையாது. மூன்று தடவை ஓட்ட மனமில்லாதவர், வெள்ளையை ஒரு நாளும், வர்ணத்தை ஒரு நாளும், கறுப்பை அடுத்த வாரக் கறுப்போடு சேர்த்து ஒரு நாளும் ஓட்டலாம். ஜீன்ஸ் ஒரு வாரம் காத்திருப்பதால் குறைந்துபோவதில்லை. ஈரத் துண்டு காத்திருந்தால்தான் பூஞ்சை பிடிக்கும்.

எந்த இரண்டைச் சேர்த்தே தீர வேண்டும் என்று வந்தால், பலமுறை துவைத்துச் சாயம் அடங்கிய வெளிர்நிறத் துணிகளை வெள்ளையோடு குளிர்ந்த நீரில் சேர்ப்பதில் அபாயம் குறைவு. புதிய அடர்நிறப் பருத்தியை வெள்ளையோடும், கடும் அழுக்கை வெள்ளைப் பாலியெஸ்டரோடும் சேர்ப்பதற்கு மட்டும் எக்காலத்திலும் அனுமதியில்லை. தப்பித் தவறிச் சாயம் ஏறிவிட்டால், அந்தத் துணியை உலர விடாமல் உடனே மறுபடி துவைக்க வேண்டும். உலர்ந்து இஸ்திரியும் பட்டுவிட்டால் எடுப்பது கடினம். முழுப் பருத்தி வெள்ளையாயின், நீர்க்கக் கலந்த குளோரின் திரவம் பெரும்பாலும் காப்பாற்றும். வர்ணத் துணியில் அதே திரவம், ஏறிய சாயத்தோடு சொந்தச் சாயத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அங்கே பல முறை அலசிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இயந்திரமில்லாத வீடுகளிலும், தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் வீடுகளிலும், இத்தனை கூட்டங்களுக்கு இத்தனை வாளி நீர் எங்கே போவது என்ற கேள்வி எழும். அதற்கு நம் பெண்மணிகள் அறிந்த விடை ஒன்று உண்டு. சாஸ்திரத்துக்கும் அது முற்றிலும் ஒத்தது. ஒரே சோப்பு நீரில் எல்லாவற்றையும் ஒருங்கே போடாமல், ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவதுதான் அது. முதலில் அழுக்குக் குறைந்த வெள்ளை; அது வெளியேறிய பின் அதே நீரில் வெளிர்நிறம்; அதன் பின் அடர்நிறம்; கடைசியில் காக்கியும் பிடிதுணியும். வாங்கக்கூடியது முதலில் வந்து போய்விடுகிறது, கொடுக்கக்கூடியது பின்னால் வருகிறது. இருவரும் நீருக்குள் சந்திப்பதே இல்லை. அலசும் நீருக்கும் இந்த நியாயமே: வெள்ளையை அலசிய தெளிந்த நீர் வர்ணத்தின் முதல் அலசலுக்கும், வர்ணத்தை அலசிய நீர் காக்கியை ஊறவைக்கவும் போதும். இந்த வரிசை ஒரு படி தலைகீழானாலும், மிச்சம் பிடித்த தண்ணீரைப் போல இரு மடங்கு, மறுபடி வெளுப்பதற்குச் செலவாகும்.